சென்னை கொரோனா முதல் அலையின் உச்சம் எந்த நாள்? ஒரே டேட்டா, நான்கு பதில்கள்: 7 நாள் சராசரி எப்படி வேலை செய்கிறது?

2020 ஜூன் 30, செவ்வாய்க்கிழமை. சென்னையில் ஒரே நாளில் 2,393 பேருக்குக் கொரோனா உறுதியானது. முதல் அலையில் நகரம் பார்த்த அதிகபட்ச எண் அதுதான். ஆனால், அதே எண்களை 3 நாள் சராசரியாகப் போட்டுப் பார்த்தால் உச்சம் ஜூலை 1. 7 நாள் சராசரியில் ஜூலை 3. 14 நாள் சராசரியில் ஜூலை 6.

டேட்டா ஒன்றுதான். கணக்கும் சரிதான். பிறகு ஏன் நான்கு தேதிகள்?

இது வெறும் கணக்குப் புதிர் இல்லை. சென்னையிலும் சுற்றுப்புற மாவட்டங்களிலும் ஜூன் 19-ல் தொடங்கிய தீவிர ஊரடங்கு ஜூலை 5 வரை நீடித்தது. ஜூலை 6-ல் தளர்வுகள் வந்தன. அன்று காலை ஒருவர் 7 நாள் கோட்டைப் பார்த்திருந்தால், 'இறங்க ஆரம்பிச்சாச்சு' என்று சொல்லியிருப்பார். 14 நாள் கோட்டைப் பார்த்தவர், 'இன்னும் ஏறிக்கிட்டுத்தானே இருக்கு' என்று பதறியிருப்பார். இரண்டு பேர் கையிலும் இருந்தது ஒரே அரசு அறிக்கை.

டெங்கு, காற்று மாசு, பங்குச் சந்தை என்று இப்போது எந்த கிராஃபை எடுத்தாலும், ஏறி இறங்கும் குச்சிகளுக்கு மேலே வழவழப்பாக ஒரு கோடு ஓடுகிறது. அதன் பெயர் நகரும் சராசரி, அதாவது ரோலிங் ஆவரேஜ். அந்தக் கோட்டை எப்படி வாசிப்பது? எத்தனை நாளைச் சேர்ப்பது என்று எப்படி முடிவு செய்வது? சென்னையின் 2020 கோடைக்கால எண்களை வைத்தே பார்க்கலாம்.

நகரும் சராசரி என்றால் என்ன?

ரொம்ப சிம்பிள். இன்றைய எண்ணோடு முந்தைய 6 நாள் எண்களையும் கூட்டி 7-ஆல் வகுத்தால், இன்றைய 7 நாள் சராசரி கிடைக்கும். நாளை புதிய எண் ஒன்று உள்ளே வரும், மிகப் பழைய எண் ஒன்று வெளியே போகும். எத்தனை நாளைச் சேர்க்கிறோமோ அதுதான் 'விண்டோ'. 7 நாள் என்றால் விண்டோவின் நீளம் 7.

சென்னையில் ஜூன் 24 முதல் பதிவான எண்கள் இவை: 1,654, 1,834, 1,956, 1,939, 1,992, 2,167, 2,393. இந்த ஏழையும் கூட்டினால் 13,935. ஏழால் வகுத்தால் 1,991. ஜூன் 30-ன் 7 நாள் சராசரி இதுதான்.

மறுநாள் ஜூலை 1. அன்றைய எண் 2,182. முந்தைய நாளைவிட 211 குறைவு. அப்படியென்றால் சராசரியும் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? இல்லை, அது 2,066 ஆக ஏறியது. காரணம், உள்ளே வந்தது 2,182, வெளியே போனது ஜூன் 24-ன் 1,654. வித்தியாசம் 528. அதை ஏழால் வகுத்தால் சுமார் 75. அந்த 75-தான் ஏற்றம்.

முழு விஷயமும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. நகரும் சராசரி இன்று ஏறுமா இறங்குமா என்பதை இன்றைய எண் மட்டும் முடிவு செய்வதில்லை. இன்று உள்ளே வருவதும் இன்று வெளியே போவதும் சேர்ந்து முடிவு செய்கின்றன. வெளியே போகும் எண் செய்தியில் வராது. ஆனால் கோட்டை நகர்த்துவதில் அதற்கும் சரிபாதிப் பங்கு உண்டு.

தாமதம் எங்கிருந்து வருகிறது?

மேலே உள்ள கணக்கை அப்படியே தொடரலாம். ஜூலை 2-ல் 2,027 பேர், சராசரி 2,094. ஜூலை 3-ல் 2,082 பேர், சராசரி 2,112. ஜூலை 4-ல் 1,842 பேர், சராசரி 2,098. இங்கேதான் கோடு முதன்முறையாகத் திரும்புகிறது. ஜூலை 5-ல் 1,713 பேர், சராசரி 2,058.

அதாவது தினசரி எண் உச்சம் தொட்டது ஜூன் 30. சராசரி உச்சம் தொட்டது ஜூலை 3. மூன்று நாள் தாமதம்.

இது தற்செயல் இல்லை. கடந்த 7 நாளின் சராசரி என்பது உண்மையில் அந்த 7 நாளின் நடு நாளைப் பற்றிச் சொல்லும் எண். ஜூலை 3 அன்று வரும் சராசரியின் நடு நாள் ஜூன் 30. அதை நாம் கடைசி நாளின் மேலே ஒட்டி வரைவதால் கோடு மூன்று நாள் பின்தங்கித் தெரிகிறது. பொதுவாகச் சொன்னால், விண்டோவின் நீளத்தில் ஒன்றைக் கழித்து இரண்டால் வகுத்தால் கிடைப்பதுதான் தாமதம். 3 நாளுக்கு ஒரு நாள், 7 நாளுக்கு மூன்று நாள், 14 நாளுக்கு ஆறரை நாள்.

சென்னை எண்கள் இதை அச்சுப் பிசகாமல் காட்டுகின்றன. 3 நாள் சராசரி ஜூலை 1-ல் 2,247-ஐத் தொட்டு இறங்கியது. 14 நாள் சராசரியோ ஜூலை 6 வரை ஏறிக்கொண்டே போய் 1,922-ல் நின்றது. ஜூலை 6-ன் எண் 1,747. உச்சத்தைவிட 600-க்கும் மேல் குறைவு. ஆனால் அன்று விண்டோவை விட்டு வெளியே போன ஜூன் 22-ன் எண் 1,487. வந்தது போனதைவிடப் பெரியது என்பதால் கோடு ஏறத்தான் செய்யும். மறுநாள் 1,203 உள்ளே வந்து 1,380 வெளியே போன பிறகுதான் 14 நாள் கோடு தலை குனிந்தது.

'அப்போ 3 நாளே போதுமே, சீக்கிரம் சொல்லுதே' என்று தோன்றலாம். அதற்கும் ஒரு விலை இருக்கிறது. இரண்டு வாரம் பின்னால் போவோம். ஜூன் 15-ல் 1,257, ஜூன் 16-ல் 919, ஜூன் 17-ல் 1,276. நடுவில் ஒரே ஒரு நாள் பள்ளம். அந்தப் பள்ளத்தால் ஜூன் 17-ன் 3 நாள் சராசரி 1,151 ஆனது. 919 வெளியே போன பிறகு, ஜூன் 19-ல் அதே சராசரி 1,324. இரண்டே நாளில் 15 சதவிகித ஏற்றம்! ஆனால் ஜூன் 17, 18, 19 எண்கள் 1,276, 1,373, 1,322 என்று ஏறக்குறைய ஒரே மட்டத்தில்தான் இருந்தன. அந்த 15 சதவிகிதத்தின் பெரும்பங்கு, ஒரு குறைவான நாள் உள்ளே வந்து வெளியே போனதன் விளைவு.

ஆக, சின்ன விண்டோ சீக்கிரம் சொல்லும், ஆனால் அடிக்கடி பொய் அலாரமும் அடிக்கும். பெரிய விண்டோ அமைதியாக இருக்கும், ஆனால் விஷயம் முடிந்த பிறகு வந்து சொல்லும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது.

அப்படியானால் ஏன் 7? 5 அல்லது 10 ஏன் இல்லை?

இதைப் புரிந்துகொள்ள தி.நகருக்குப் போகலாம். ரங்கநாதன் தெருவில் ஒரு ஜவுளிக் கடை இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் 100 பில். சனிக்கிழமை 180. ஞாயிற்றுக்கிழமை 220. ஒவ்வொரு வாரமும் இதே கதை. வியாபாரம் வளரவும் இல்லை, சரியவும் இல்லை.

இந்தக் கடைக்கு 5 நாள் சராசரி போட்டால் என்ன ஆகும்? வெள்ளிக்கிழமை பார்த்தால் 100. சனி, ஞாயிறு இரண்டும் விண்டோவுக்குள் வந்ததும் 140. மீண்டும் வெள்ளி வந்தால் 100. எதுவுமே மாறாத கடைக்கு வாராவாரம் 40 சதவிகித 'வளர்ச்சி', பிறகு ஒரு 'வீழ்ச்சி'.

சரி, விண்டோவைப் பெரிதாக்கி 10 நாள் எடுத்தால்? ஒரு முழு வாரத்தோடு கூடுதலாக மூன்று நாள் சேரும். அந்த மூன்றும் வார நாள்களாக இருந்தால் சராசரி 120. வெள்ளி, சனி, ஞாயிறாக இருந்தால் 140. விண்டோ இரு மடங்கு ஆகியும் ஆட்டம் நிற்கவில்லை.

7 நாள் எடுத்தால் எந்த நாளில் பார்த்தாலும் ஐந்து வார நாள், ஒரு சனி, ஒரு ஞாயிறு உள்ளே இருக்கும். கூட்டினால் 900, சராசரி எப்போதும் 129. கோடு நேராக நிற்கும். 14, 21, 28-க்கும் இதே குணம் உண்டு. ஆகவே 7 என்பது ராசியான எண் என்பதால் தேர்ந்தெடுக்கப்பட்டதல்ல. நாம் நீக்க நினைக்கும் சத்தம் 7 நாளுக்கு ஒரு முறை திரும்பி வருகிறது, அதனால்தான் 7.

கொரோனாவில் அந்த வாரச் சுழற்சி எங்கிருந்து வந்தது? வைரஸுக்கு ஞாயிறு விடுமுறை கிடையாது. லேபுக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாதிரி எடுப்பது குறையும். முடிவு வர ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். அதனால் நாடு முழுவதும் வாரத் தொடக்கத்தில் எண்ணிக்கை குறைந்து தெரிவது வழக்கமாக இருந்தது.

உங்கள் டேட்டாவில் வாரச் சுழற்சி இருக்கிறதா என்று கண்டுபிடிக்கவும் எளிய வழி உண்டு. எண்களை வரிசையாகப் பார்க்காமல் கிழமை வாரியாகப் பாருங்கள். சென்னையின் செவ்வாய்க்கிழமைகளை மட்டும் எடுத்தால், ஜூன் 16-ல் 919, ஜூன் 23-ல் 1,380, ஜூலை 7-ல் 1,203. மூன்று செவ்வாயுமே முந்தைய நாளைவிடக் குறைவு. ஆனால் நடுவில் வரும் ஜூன் 30-ம் செவ்வாய்தான், அதுவோ முதல் அலையின் உச்சம். சுழற்சி இருக்கிறது, ஆனால் கடிகாரம் மாதிரி இல்லை என்பதுதான் இதன் பொருள். நான்கு வாரத்தை வைத்து 'செவ்வாய்னா குறையும்' என்று சட்டம் போட முடியாது. இருந்தாலும் 7 நாள் விண்டோவை எடுப்பதற்கு இந்தக் காரணம் போதும்.

மொத்தமாகக் கீழே விழுந்தால் சராசரி என்ன செய்யும்?

ஜூலை 7-ஐக் கொஞ்சம் கவனிக்கலாம். ஜூலை 6-ல் 1,747. மறுநாள் 1,203. ஒரே நாளில் 544 குறைவு. இது வெறும் ஏற்ற இறக்கமா, நிஜமான மாற்றமா?

இதற்கு ஒரு தோராயமான அளவுகோல் இருக்கிறது. ஒன்றையொன்று சாராமல் நடக்கும் நிகழ்வுகளை எண்ணும்போது, தற்செயலாக வரும் ஆட்டம் ஏறக்குறைய அந்த எண்ணின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும். 1,747-ன் வர்க்கமூலம் சுமார் 42. இங்கே விழுந்ததோ 544, அதாவது சுமார் 13 மடங்கு. இது தற்செயல் ஆட்டம் இல்லை. தொற்று குறைந்திருக்க வேண்டும், அல்லது சோதனையிலோ பதிவு செய்யும் விதத்திலோ ஏதாவது மாறியிருக்க வேண்டும். இரண்டில் எது என்று இந்த எண் மட்டும் சொல்லாது.

அடுத்தடுத்த நாள்கள் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கின: 1,261, 1,216, 1,205, 1,185, 1,168, 1,140. ஜூன் 16-ன் பள்ளம் மறுநாளே நிரம்பியது. ஜூலை 7-ன் பள்ளம் நிரம்பவில்லை. அது பள்ளம் அல்ல, ஒரு படி. எண்ணிக்கை புதிய மட்டத்துக்கு இறங்கி அங்கேயே நின்றது.

ஆனால் 7 நாள் சராசரி அதை எப்படிக் காட்டியது? ஜூலை 7-ல் 1,828. பிறகு ஒவ்வொரு நாளும் சீராக இறங்கி, ஜூலை 13-ல்தான் 1,197. கோட்டை மட்டும் பார்ப்பவருக்கு இது ஒரு வார காலம் மெதுவாகக் குறைந்த தொற்று. குச்சிகளைப் பார்ப்பவருக்கு ஒரே நாளில் விழுந்த படி. இரண்டும் வேறு வேறு கதைகள். மெதுவாகக் குறைந்தால் ஊரடங்கின் பலன் என்று யோசிக்கத் தோன்றும். ஒரே நாளில் குறைந்தால், 'அன்னிக்கு என்ன மாறுச்சு? எத்தனை டெஸ்ட் எடுத்தாங்க?' என்று கேட்கத் தோன்றும். சராசரிக் கோடு அந்தக் கேள்வியையே மறைத்துவிடும். அதனால்தான் நல்ல கிராஃபில் வழவழப்பான கோட்டுக்குப் பின்னால் தினசரிக் குச்சிகளும் மங்கலாக இருக்கும். குச்சிகளே இல்லாமல் கோடு மட்டும் இருந்தால் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

444 பேர், ஒரே நாளில்

சராசரியை அதிகம் ஏமாற்றுவது தினசரி ஆட்டம் அல்ல, ஒரே நாளில் வந்து விழும் பழைய கணக்கு. இதற்குத் தமிழ்நாட்டில் வலி மிகுந்த ஓர் உதாரணம் இருக்கிறது.

2020 ஜூலை 22 அன்று தமிழ்நாட்டின் மொத்த கொரோனா உயிரிழப்பு 2,626-லிருந்து 3,144 ஆக உயர்ந்தது. ஒரே நாளில் 518 அதிகம். ஆனால் அன்றைய வழக்கமான அறிக்கையில் இருந்தவர்கள் 74 பேர். மீதி 444 பேர், ஜூன் 10 வரையிலான காலத்தில் சென்னையில் இறந்து, மாநிலக் கணக்கில் சேராமல் விடுபட்டவர்கள். சென்னை மாநகராட்சியின் பதிவுக்கும் மாநில சுகாதாரத் துறையின் எண்ணிக்கைக்கும் இடையே வித்தியாசம் இருப்பதாகச் செய்திகள் வந்த பிறகு, அரசு அமைத்த குழு ஆய்வு செய்து சேர்க்கச் சொன்ன எண்ணிக்கை இது.

இப்போது 7 நாள் சராசரியைப் போடுவோம். ஜூலை 21 வரை அது 75. ஜூலை 22-ல் 444-ஐயும் சேர்த்தால் 140. அடுத்த நாள்களில் பதிவான இறப்புகள் 88, 88, 89, 85, 77, 88. ஜூலை 28-ல் சராசரி 148. ஜூலை 29-ல் 82 பேர் இறந்ததாக அறிவிப்பு வந்தது, அன்றுதான் அந்த 518 விண்டோவை விட்டு வெளியே போனது. சராசரி 85.

கோட்டின்படி, ஜூலை 28-லிருந்து 29-க்குள் உயிரிழப்பு 42 சதவிகிதம் 'குறைந்துவிட்டது'. உண்மையில் என்ன நடந்தது? 444-ஐ எடுத்துவிட்டுப் பார்த்தால், ஜூலை 21-ல் 75 ஆக இருந்த சராசரி ஜூலை 28-ல் 84, ஜூலை 29-ல் 85. நிலைமை மோசமாகிக்கொண்டிருந்தபோது கோடு நிம்மதியான செய்தி சொன்னது.

இப்படி ஒரு தவறு நடந்திருப்பதை கிராஃபைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். கோடு செங்குத்தாக ஏறி, சரியாக விண்டோவின் நீளம் எத்தனை நாளோ அத்தனை நாள் மேலேயே நின்று, பிறகு செங்குத்தாக இறங்கினால், அது நோயின் வடிவம் இல்லை. ஒற்றை நாள் எண் ஒன்று உள்ளே புகுந்து வெளியேறியதன் தடம். விண்டோவை 14 ஆக்கினால் இந்தப் பிரச்சினை தீராது. மேடு பாதி உயரம் ஆகும், ஆனால் இரு மடங்கு நாள் நீடிக்கும்.

ஒரு மாற்று வழி, சராசரிக்குப் பதில் இடைநிலை எண்ணை எடுப்பது. ஏழு எண்களையும் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் நான்காவது எண்ணை எடுக்க வேண்டும். ஜூலை 22-ல் அது 78. ஜூலை 28-ல் 88. ஜூலை 29-லும் 88. திடீர் மேடும் இல்லை, திடீர் வீழ்ச்சியும் இல்லை.

ஆனால் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. இடைநிலை எண் 518-ஐப் 'பெரிய எண்' என்று மட்டும் பார்க்கிறது. அதற்குள் 444 பேர் இருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. அவர்கள் ஜூலைக் கோட்டில் இருக்கக் கூடாது என்பது சரி. ஆனால் ஏதாவது ஒரு கோட்டில் இருந்தாக வேண்டும். சரியான தீர்வு, ஒவ்வொரு இறப்பையும் அறிவித்த நாளில் வைக்காமல் நிகழ்ந்த நாளில் வைத்து, பழைய மாதங்களின் கோட்டைத் திருத்தி வரைவதுதான். எந்த விண்டோவும் அந்த வேலையை நமக்காகச் செய்யாது.

நகரம் வேறு, மண்டலம் வேறு

'சென்னை இருக்கட்டும், எங்க ஏரியா எப்படி?' என்பதுதான் அப்போது எல்லோரும் கேட்ட கேள்வி. மாநகராட்சி 15 மண்டலங்களுக்கும் தனித்தனியாக எண்களை வெளியிட்டது. மயிலாப்பூரின் பெரும்பகுதி தேனாம்பேட்டை மண்டலம், தி.நகரின் பெரும்பகுதி கோடம்பாக்கம் மண்டலம், அடையாறு தனி மண்டலம். நகரத்துக்குப் பொருந்திய 7 நாள், மண்டலத்துக்கும் பொருந்துமா?

மேலே பார்த்த வர்க்கமூல அளவுகோலை வைத்தே பார்க்கலாம். நகரில் ஒரு நாளுக்கு 2,000 பேர் என்றால் தற்செயல் ஆட்டம் சுமார் 45. அதாவது 2 சதவிகிதம்தான். ஒரு மண்டலத்தில் தினமும் 16 பேர் என்று வைத்துக்கொண்டால், ஆட்டம் 4. அது 25 சதவிகிதம். நேற்று 16, இன்று 20 என்றால் '25 சதவிகிதம் உயர்வு' என்று தலைப்பு போடலாம். ஆனால் நிலைமையில் எதுவுமே மாறாமலும் அப்படி வரும்.

7 நாளைக் கூட்டினால் 112 பேர். அதன் வர்க்கமூலம் சுமார் 10.6. அப்போதும் ஏறக்குறைய 9 சதவிகித ஆட்டம் மிஞ்சும். 14 நாள் எடுத்தால் அது 7 சதவிகிதத்துக்குக் கீழே வரும். கவனியுங்கள், விண்டோ இரு மடங்கானால் ஆட்டம் பாதியாவதில்லை, சுமார் 30 சதவிகிதம்தான் குறைகிறது. தாமதமோ மூன்று நாளிலிருந்து ஆறரை நாளாகிறது. ஒரே அபார்ட்மென்ட்டிலோ ஒரே குடும்பத்திலோ பலருக்குச் சேர்ந்து தொற்று வந்தால், நிஜ ஆட்டம் இந்தக் கணக்கைவிடவும் அதிகமாக இருக்கும்.

ஆகவே மண்டல அளவில் இரண்டே வழிதான். 14 நாள் விண்டோ எடுத்து, ஒரு வாரத் தாமதத்தை ஏற்றுக்கொள்வது. அல்லது 7 நாளிலேயே இருந்து, 10 சதவிகிதத்துக்கும் குறைவான ஏற்ற இறக்கத்தைச் செய்தியாக எடுத்துக்கொள்ளாமல் விடுவது. 7 நாள் கோட்டை வைத்துக்கொண்டு 5 சதவிகித மாற்றத்தைப் பேசுவதுதான் தவறு.

நீங்களே போட்டுப் பார்க்க

மொபைலில் கூகுள் ஷீட்ஸ் இருந்தாலே போதும். முதல் வரியில் தலைப்பு. A காலத்தில் தேதி, B காலத்தில் தினசரி எண். ஏழாவது நாளின் எண் B8-ல் இருக்கும். C8-ல் சராசரியையும் D8-ல் இடைநிலை எண்ணையும் போட்டுக் கீழே இழுத்துவிடலாம்.

```
=AVERAGE(B2:B8)
=MEDIAN(B2:B8)
```

மூன்று விஷயங்களில் மட்டும் கவனம் தேவை. ஒன்று, C2 முதல் C7 வரை காலியாகவே விடுங்கள். 7 நாள் முழுமையாக இல்லாத இடத்தில் சராசரி போட்டால், அது வேறு விண்டோவின் எண் ஆகிவிடும். இரண்டு, அறிக்கை வராத நாளில் 0 என்று போடாதீர்கள். 0 என்பது 'யாருக்கும் இல்லை' என்ற தகவல். காலி என்பது 'தெரியாது' என்பது. காலிக் கட்டத்தை AVERAGE விட்டுவிடும், 0-வைச் சேர்த்து வகுத்துவிடும். மூன்று, பழைய அலையைத் திரும்பிப் பார்க்கும்போது ஒவ்வொரு சராசரியையும் விண்டோவின் நடு நாளில் வைத்து வரையுங்கள். அப்படிச் செய்தால் சென்னையின் 7 நாள் உச்சம் ஜூலை 3-லிருந்து ஜூன் 30-க்கு வந்து, தினசரி உச்சத்தோடு பொருந்திவிடும். ஆனால் இன்றைய நிலவரத்துக்கு இந்த வழி உதவாது. நடு நாள் சராசரிக்கு அடுத்த மூன்று நாளின் எண்கள் தேவை, அவை இன்னும் வரவில்லை.

விண்டோவின் நீளத்தை முடிவு செய்ய இரண்டே கேள்விகள் போதும். இந்த டேட்டாவில் எந்தச் சத்தத்தை நீக்க வேண்டும்? அதற்காக எத்தனை நாள் தாமதத்தைத் தாங்க முடியும்? கிழமைச் சத்தம் என்றால் 7 அல்லது அதன் மடங்கு. எண்கள் சிறியவை என்றால் 14. நாளையே ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்றால், சராசரியோடு கடந்த சில நாள் குச்சிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2020 ஜூலை 6-ல் 7 நாள் கோடு சொன்னதும் 14 நாள் கோடு சொன்னதும் பொய்யில்லை. ஒன்று மூன்று நாள் முந்தைய சென்னையைச் சொன்னது, இன்னொன்று ஆறரை நாள் முந்தைய சென்னையை. எனவே 'சராசரி ஏறுகிறது' என்று ஒரு கிராஃப் அடுத்த முறை சொன்னால், எத்தனை நாள் சராசரி என்று பாருங்கள். பிறகு, இன்று எந்த நாள் அதிலிருந்து வெளியே போனது என்றும் பாருங்கள்.